6.1 என்று மட்டும் சொன்னால் போதாது

புதிதாக வரும் கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "எனக்கு எப்பவும் 6.1 தான் போடுவாங்க, அதையே போட்டுடுங்க" என்பார். நான் உடனே கேட்பது, "எந்தக் கம்பெனியோட 6.1?" பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியே விநோதமாக இருக்கும். நம்பர் ஒன்றுதானே, அதில் கம்பெனி எங்கே வந்தது என்று பார்ப்பார்கள். ஒரு கம்பெனியின் எட்டாம் நம்பர் செருப்பு கச்சிதமாக இருக்கிறவருக்கு இன்னொரு கம்பெனியின் எட்டு காலைக் கடிக்கும் இல்லையா, ஏறக்குறைய அதே கதைதான் இங்கேயும்.

ஹேர் கலர் ட்யூபில் இருக்கும் எண்ணில் முதல் இலக்கம் லெவல், அதாவது நிறம் எவ்வளவு அடர்த்தி என்பது. 1 கறுப்பு, 10 மிக வெளிறிய பொன்னிறம். புள்ளிக்கோ கோட்டுக்கோ பிறகு வருவது டோன், அதாவது சாயல். இரண்டு இலக்கம் இருந்தால் முதலில் வருவது முக்கியச் சாயல், அடுத்தது துணைச் சாயல். இந்த ஏற்பாட்டைப் பெரும்பாலான கம்பெனிகள் பின்பற்றுகின்றன. ஆனால் லெவல் 6 என்றால் இவ்வளவு கருமை இருக்க வேண்டும், .1 என்றால் இன்ன சாயம் இத்தனை இருக்க வேண்டும் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆய்வகத்தில் தனக்குச் சரி என்று பட்டதை 6.1 என்று அழைக்கிறது.

இதில் சுலபமாகச் சமாளிக்கக்கூடிய வித்தியாசம் ஒன்று உண்டு. சில கம்பெனிகளில் எண்ணுக்கான பொருளே வேறு. லோரியாலின் மாஜிரெல் வரிசையில் .3 கோல்டு, .4 காப்பர், .5 மஹோகனி, .6 சிவப்பு. வெல்லாவின் கோலஸ்டனில் /3 கோல்டு என்பது ஒத்துப்போகிறது, ஆனால் /4 சிவப்பு, /6 வயலட். ஷ்வார்ஸ்காஃபின் இகோரா ராயலில் -5 தான் கோல்டு, -7 காப்பர், -8 சிவப்பு, -9 வயலட். அதாவது 6.5 என்று துண்டுச் சீட்டில் எழுதி வந்தவருக்கு இகோராவின் 6-5 எடுத்தால், மஹோகனிக்குப் பதிலாகப் பொன்னிறப் பழுப்பு கிடைக்கும். ஷேட் கார்டின் ஓரத்தில் எந்த எண்ணுக்கு எந்தச் சாயல் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. புள்ளியா, சாய்வுக் கோடா, சிறு கோடா என்பதுகூட எந்தக் குடும்பத்து எண் என்று ஊகிக்க உதவும்.

கஷ்டம் வருவது எண்ணும் ஒன்று, பெயரும் ஒன்று என்ற இடத்தில்தான். இரண்டு பெட்டியிலும் 6.1, இரண்டிலும் "டார்க் பிளாண்ட் ஆஷ்". ஆனால் தலையில் போட்டால் இரண்டு நிறம். இப்படி ஒருவருக்குச் செய்ததை விவரமாகச் சொல்கிறேன், காரணங்கள் அதிலேயே வந்துவிடும்.

அவருடைய இயல்பான முடி லெவல் 4. நெற்றிப்பொட்டு ஓரத்திலும் முன்வரிசையிலும் நரை, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். பின்பக்கத்தில் நரையே இல்லை. பல மாதங்களாக ஒரு கம்பெனியின் 6.1 போட்டு வந்திருக்கிறார். நீளத்தில் அந்த நிறம் அழகாக, கொஞ்சம் புகை படிந்த பழுப்பாக இருந்தது. வேர்ப் பகுதியில் இரண்டு விரல் அகலத்துக்குப் புது முடி வளர்ந்திருந்தது. அவர் கேட்டது ரூட் டச்-அப் மட்டும். என்னிடம் இருந்தது வேறு கம்பெனியின் 6.1. பழைய கம்பெனியை 'முதலாவது' என்றும் என்னுடையதை 'இரண்டாவது' என்றும் வைத்துக்கொள்கிறேன்.

கம்பெனி மாறும்போது அலர்ஜி டெஸ்ட்டை மறுபடி செய்ய வேண்டும். ஒன்றில் பாரா-ஃபெனிலீன்டயமின் இருக்கும், இன்னொன்றில் டோலுயீன்-2,5-டயமின் இருக்கும், கூட வரும் சாயங்களும் வேறு. 'ரொம்ப வருஷமா டை போடறேன், ஒண்ணும் ஆகலை' என்பது புது கம்பெனிக்குப் பொருந்தாது. டெஸ்ட் வைத்துவிட்டு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் ஸ்ட்ராண்ட் டெஸ்ட் செய்துவிடலாம் என்று, கழுத்துக்கு மேலே உள்ளடுக்கிலிருந்து கொஞ்சம் கருமுடியும், நெற்றி ஓரத்திலிருந்து சில நரை முடிகளும் அவரைக் கேட்டு வெட்டி எடுத்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க முதலாவது கம்பெனியின் 6.1 ட்யூபும் ஒன்று வாங்கி வைத்தேன். ஷேட் கார்டில் ஒட்டியிருக்கும் முடிக்கொத்தை இதற்கு நம்பக் கூடாது. பெரும்பாலும் அது நைலான். அதற்கு லெவல் 4 என்ற சொந்த நிறமும் கிடையாது, நரையும் கிடையாது.

இரண்டு கம்பெனிக்கும் அவரவர் சொன்ன விகிதத்தில், அவரவர் 6 சதவீத பெராக்சைடு டெவலப்பரோடு கலந்து, தலா ஒரு நரைக் கொத்து, ஒரு கருமுடிக் கொத்து என்று தடவினேன். பெட்டியில் போட்ட நேரம் முழுவதும் வைத்து, அலசி, நன்றாக உலர்த்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஈர முடி எப்போதும் ஒரு லெவல் இருட்டாகவே தெரியும், அதனால் உலர்த்தாமல் முடிவு சொல்வதில்லை.

நரைக் கொத்தில் முதலாவது கம்பெனி நீலம் கலந்த சாம்பல் பழுப்பு கொடுத்தது. இரண்டாவது கம்பெனி தெளிவாகப் பச்சை அடித்தது, குளத்துப் பாசி ஓரத்துச் சேறு என்று சொல்லலாம். அடர்த்தி இரண்டிலும் ஒன்றுதான். கருமுடிக் கொத்தில் கதை வேறு. இரண்டாவது கம்பெனியில் பச்சை என்று எதுவும் தெரியவில்லை, மங்கலான நல்ல பழுப்பு. ஆனால் முதலாவதைவிட அரை லெவல் இருட்டு.

ஒரே ட்யூப், நரையில் ஒரு குறை, கருமுடியில் வேறு குறை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பச்சை. ஆஷ் என்பது ஒரு சாயத்தின் பெயர் இல்லை, நிறத்தின் சூட்டை, அதாவது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் தன்மையைக் குறைக்கும் எந்தச் சாயலுக்கும் அந்தப் பெயர் வைக்கலாம். ஒரு கம்பெனி நீலத்தை வைத்து ஆஷ் செய்யும், இன்னொன்று பச்சைப் பக்கம் சாயும், வேறொன்று வயலட் பக்கம் போகும். ட்யூபுக்குள் இருக்கும்போது இந்தச் சாயங்களுக்குப் பெரிதாக நிறமே இருக்காது. டெவலப்பரில் இருக்கும் பெராக்சைடு பட்டதும் ஒரு மூலப்பொருள் இன்னொன்றோடு இணைந்து முடிக்குள்ளேயே நிறமாகிறது. எதோடு எது இணைகிறது என்பதுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. பாரா-ஃபெனிலீன்டயமின் ரெசார்சினாலோடு சேர்ந்தால் பச்சை சாயலுள்ள பழுப்பு வரும். அதுவே மெட்டா-அமினோஃபீனாலோடு சேர்ந்தால் சிவந்த பழுப்பு. 2,4-டைஅமினோஃபீனாக்ஸிஎத்தனாலோடு சேர்ந்தால் நீலம். ஒரு ஷேடுக்குள் இப்படிப் பல சேர்க்கைகள் ஒன்றாக நடக்கும், அவற்றின் கூட்டுத்தொகைதான் நாம் பார்க்கும் 6.1. பெட்டியில் உள்ள பட்டியலைப் படித்தால் எவை இருக்கின்றன என்பது தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. அதனால் பட்டியலை மட்டும் வைத்து நிறத்தைச் சொல்லிவிட முடியாது. நரைக் கொத்தில் தடவிப் பார்ப்பதுதான் நம்பகமானது. நரைக்குச் சொந்த நிறம் இல்லாததால் ட்யூபுக்குள் என்ன இருக்கிறதோ அது அப்படியே தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு பங்காளியும் உண்டு. பெரும்பாலான ஷேடுகளில் இயல்பான பழுப்பு ஒன்று அடித்தளமாக இருக்கும், அதன்மேல்தான் சாயல் ஏறும். சில கம்பெனிகள் அடித்தளத்தை நிறைய வைத்து, ஆஷைக் கொஞ்சமாகச் சேர்க்கும். அதன் 6.1 நரையிலும் பழுப்பாகவே இருக்கும். வேறு சில கம்பெனிகளில் அடித்தளம் மெலிசு, சாயல் தூக்கல். அப்படிப்பட்ட 6.1-ஐ நரையில் தனியாகப் போட்டால் சாயல்தான் கண்ணில் படும். என் இரண்டாவது கம்பெனி இந்த ரகம். நரை அதிகமாக இருந்தால் தனிச் சாயல் இல்லாத 6.0-வையும் சேர்த்துப் போடுங்கள் என்று அதன் கையேட்டிலேயே இருந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் கருமுடியில் ஏன் பச்சை தெரியவில்லை? லெவல் 4 முடியை 6-க்குத் தூக்கும்போது, அதாவது வெளிறச் செய்யும்போது, உள்ளே இருக்கும் இயற்கை நிறமி சிதைந்து, சிவப்பு கலந்த ஆரஞ்சு வெளியே வரும். பச்சைச் சாயல் அந்தச் சிவப்பை அடித்துவிடும், மீதி பழுப்பு. நீலம் ஆரஞ்சை அடிக்கும், வயலட் மஞ்சளை அடிக்கும். ஒரு கம்பெனி தன் லெவல் 6 ஆஷை வடிவமைக்கும்போது, அது போகப்போகிற முடியின் அடிநிறம் சிவப்புப் பக்கமா ஆரஞ்சுப் பக்கமா என்று எதையோ மனதில் வைத்துத்தான் நீலமா பச்சையா என்று முடிவு செய்திருக்கும். அடிநிறமே இல்லாத நரைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, அடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் பச்சை மிஞ்சிவிடும்.

அடுத்தது அரை லெவல் இருட்டு. இதற்கு நரைக் கொத்தும் கருமுடிக் கொத்தும் சேர்ந்தே பதில் சொல்கின்றன. நரையில் தூக்குவதற்கு எதுவும் இல்லை, சாயம் படிவது மட்டும்தான் நடக்கிறது. அங்கே இரண்டு கம்பெனியும் ஒரே அடர்த்தி என்றால், படிகிற சாயத்தின் அளவு ஒன்றுதான். கருமுடியில் மட்டும் இருட்டு என்றால் குறை தூக்குவதில் இருக்கிறது. நேர்மாறாக நரையிலேயே இருட்டாக வந்திருந்தால், அந்தக் கம்பெனியின் லெவலே ஒரு படி கீழே என்று எடுத்துக்கொண்டு, 6-க்குப் பதில் 7 எடுத்திருப்பேன். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல், இருட்டாக வந்தது என்றதும் அடுத்த லெவல் ட்யூபுக்குத் தாவினால், தூக்கல் அப்படியே இருக்க, படிகிற சாயம் மட்டும் குறையும். முடிவில் வேர் ஆரஞ்சாகத் தெரியும்.

தூக்கல் ஏன் குறைந்தது? முதலாவது கம்பெனியில் அம்மோனியா. என்னுடையதில் அதற்குப் பதில் எத்தனாலமைன். இரண்டும் காரம்தான், முடியின் செதில்களைத் திறந்து பெராக்சைடை வேலை செய்ய வைப்பவை. ஆனால் பொதுவாக அம்மோனியா வகைகளின் தூக்கல் அதிகம். அப்புறம் கலவை விகிதம். முதலாவது 1:1.5, என்னுடையது 1:1. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிராம் கிரீமுக்கு 40 கிராம் 6 சதவீத டெவலப்பர் என்றால் தலையில் இருக்கும் பெராக்சைடு 3 சதவீதம். 60 கிராம் என்றால் 3.6 சதவீதம். 1:2 விகிதத்தில் 80 கிராம் என்றால் 4 சதவீதம். டெவலப்பர் பாட்டிலில் ஒரே எண், தலையில் வேறு வேறு எண்.

அதற்காக 1:1 கிரீமை 1:1.5 ஆகக் கலந்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. விகிதத்தை மாற்றினால் பெராக்சைடு ஏறுவதோடு சாயமும் காரமும் நீர்த்துப்போகும். 1:1-இல் கலவையின் பாதி கிரீம், 1:1.5-இல் ஐந்தில் இரண்டு பங்குதான் கிரீம். தன் விகிதத்துக்கு ஏற்ற அளவு சாயத்தைத்தான் ஒவ்வொரு கம்பெனியும் கிரீமில் வைத்திருக்கும். நீர்க்கவிட்டால் முதலில் அடிபடுவது நரை மறைப்பு. மெல்லிய, கண்ணாடி மாதிரியான படிவு வரும், இரண்டு வாரத்தில் நரை எட்டிப் பார்க்கும். ஒரு கம்பெனியில் பழகிய கை, கண் அளவிலேயே டெவலப்பரை ஊற்றும் பழக்கத்தை இன்னொரு கம்பெனிக்கும் கொண்டுபோவதுதான் 'இந்த பிராண்டு நரையைப் பிடிக்கவே மாட்டேங்குது' என்ற புகாரில் பாதிக்குக் காரணம் என்பது என் கணிப்பு. ஒரு டிஜிட்டல் தராசு இருந்தால் போதும்.

ஆக, ஒரு கிண்ணத்தில் இரண்டு குறையையும் சரி செய்ய முடியாது. இரண்டு கிண்ணம் எடுத்தேன்.

நெற்றி ஓரத்துக்கும் முன்வரிசைக்கும்: 6.0 பத்து கிராம், 6.1 பத்து கிராம், வயலட் மிக்ஸ்டோன் அரை கிராம், 6 சதவீத டெவலப்பர் 1:1. 6.0 அடித்தளத்தைக் கனமாக்கி நரையை மூடுவதற்கு. மிக்ஸ்டோன் என்பது லெவல் இல்லாத, வெறும் சாயலைக் கூட்டுகிற ட்யூப். வயலட் ஏன் என்றால், அதில் இருக்கும் சிவப்பு பச்சையை அடிக்கும், மிஞ்சுகிற நீலம் நாம் தேடுகிற புகைச் சாயலைக் கொடுக்கும். நேரடியாகச் சிவப்பு மிக்ஸ்டோன் போட்டாலும் பச்சை போகும், ஆனால் ஆஷும் சேர்ந்து போய்விடும். முதலில் ஒரு கிராம் வைத்து நரைக் கொத்தில் பார்த்தபோது கத்தரிப்பூ நிறம் லேசாகத் தலைகாட்டியது, பாதியாகக் குறைத்ததும் அடங்கியது. மிக்ஸ்டோன் இவ்வளவு சிறிய அளவிலேயே பேசும் என்பதால் ட்யூபை அழுத்தி 'ஒரு பட்டாணி அளவு' என்று போடுவது எனக்கு ஒத்துவராது.

பின்பக்கக் கருமுடிக்கு: 6.1 முப்பது கிராம், 9 சதவீத டெவலப்பர் முப்பது கிராம். தூக்கல் கூடினால் அடிநிறம் சிவப்பிலிருந்து ஆரஞ்சுப் பக்கம் நகரும், பச்சை ஆஷ் மட்டும் அதற்குப் போதாது. அதனால் நீல மிக்ஸ்டோன் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்த்தேன். நரை இருக்கும் இடத்தில் 9 சதவீதத்தை நான் தொடவில்லை. அங்கே தூக்க வேண்டிய வேலை இல்லை, சாயம் நன்றாகப் படிந்தால் போதும், அதற்கு 6 தான் சரி.

தடவும்போது நரைப் பகுதிக்கு முதலில், பிறகு பின்பக்கம். பழைய நிறம் ஏறிய நீளத்தை விட்டுவிட்டு, புது முடிக்கு மட்டும். நீளத்தின் மேல் கலவை ஏறினால் அங்கே சாயத்தின் மேல் சாயம் படிந்து ஒரு இருட்டுப் பட்டை விழும். செயற்கைச் சாயத்தைப் புது டை தூக்காது. நேரம் இரண்டு கிண்ணத்துக்கும் கையேட்டில் சொன்னபடி 35 நிமிடம். இடையில் ஒரு முடிக்கற்றையை எடுத்துப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், நீலமும் பச்சையுமாக. நடுவில் தெரியும் நிறம் மேலே ஆக்சிஜன் பட்டுக் கறுத்த கிரீமின் நிறம், அதைப் பார்த்துச் சீக்கிரம் அலசினால் ஆஷ் படிவதற்குள் சூடான நிறத்திலேயே நின்றுவிடும்.

உலர்த்திப் பார்த்தபோது பின்பக்கம் இணைப்பு தெரியவில்லை. நெற்றி ஓரத்தில் உற்றுப் பார்த்தால் நீளத்தைவிட வேர் ஒரு பொடி குளிர்ச்சி. அதை அப்படியே விட்டேன். ஏனென்றால் நீளத்தில் இருப்பது பலமுறை அலசி வெளிறிய 6.1. ஆஷில் இருக்கும் நீலப் பகுதிதான் முடியிலிருந்து முதலில் கழன்று போகும், அதனால் எந்த ஆஷும் நாளாக ஆகச் சூடாகும். அன்றே நீளத்தோடு மிகச் சரியாகப் பொருத்தினால், சில வாரத்தில் வேர் நீளத்தைவிட ஆரஞ்சாகத் தெரியும்.

ஒரே கம்பெனிக்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெர்மனென்ட் வரிசையின் 6.1-உம், தூக்கல் இல்லாத டெமி வரிசையின் 6.1-உம் ஒன்றாக வராது. டெமியில் டெவலப்பர் வலு குறைவு, அடிநிறம் வெளியே வராது, ஆகவே லெவல் 4 முடியில் டெமி 6.1 கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ப்ளீச் செய்து பஞ்சு மாதிரியான முடியிலோ அதே டெமி ஒரு லெவல் இருட்டாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கஸ்டமர் கார்டில் நான் எழுதுவது: கம்பெனி, வரிசை, ஷேட், கிராம், டெவலப்பர் சதவீதம், விகிதம், நிமிடம், எந்தப் பகுதி. வெறும் '6.1' என்று இருக்கும் கார்டை வைத்துக்கொண்டு அடுத்தவர் என்ன செய்வார்?

இதே முறையை எல்லா ஷேடுக்கும் நம்பிக்கையோடு சொல்ல முடியாது. ஆஷ், இயல்பு, கோல்டு வரை இரண்டு மூன்று ட்யூப் கலந்து கிட்டே வந்துவிடலாம். தீவிரமான காப்பரிலும் சிவப்பிலும் அது நடக்காது. அங்கே கம்பெனிகள் பயன்படுத்தும் மூலச் சாயமே வேறாக இருக்கும். ஒன்றில் ஆரஞ்சுக்கு பாரா-அமினோஃபீனால் சேர்க்கை, இன்னொன்றில் அதோடு நேரடியாக நிறம் கொடுக்கும் சாயங்களும் இருக்கும். சலூன் விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்து, வெயிலில் ஒன்று பூசணி நிறமாகவும் மற்றது செர்ரி நிறமாகவும் பிரியும். வெளிறுவதும் வேறு வேறு வேகத்தில். அப்படிப்பட்ட கஸ்டமர் வந்தால் வேரை மட்டும் பொருத்தித் தருகிறேன் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. பழைய கம்பெனி ட்யூபையே வாங்கி வேரில் போடுவேன், இல்லையென்றால் நீளம் முழுவதையும் புது கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வேன்.